மெழுகுக் குப்பி ஒன்று கொள்ளுப்பிட்டிக்கு வந்த வழி

டூப்ளிகேஷன் வீதியில் குளியலறைச் சாமான் விற்கும் கடையொன்றில் தெர்மோஸ்டாட் வைத்த ஷவர் மிக்சரைக் கழற்றிக் காட்டச் சொன்னால், உள்ளேயிருந்து கட்டைவிரல் பருமனான ஒரு காட்ரிஜ் வரும். அதன் நடுவில் ஒரு சின்னச் செப்புக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. பக்கத்திலே தொங்கும் சாதாரண ஒற்றைக் கைப்பிடி மிக்சரைவிட இது ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு விற்பனையாளர் குரோமியப் பூச்சையும் கம்பனிப் பெயரையும் காட்டுவார். காசு போவது உண்மையில் அந்த மெழுகுக்குத்தான்.

இந்த மெழுகு முதலில் குளியலறைக்காகப் பிறந்ததல்ல, கார் எஞ்சினுக்காகப் பிறந்தது. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்க ஒரு அடைப்பான் வேண்டும், சூடேறியதும் அது தானாகத் திறக்கவும் வேண்டும். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் இதற்கு மெழுகைப் பிடித்தார். மெழுகு உருகும்போது வீங்கும். மூடிய குப்பிக்குள் வீங்க இடமில்லாததால் ஒரு ஊசியை வெளியே தள்ளும். ஆறினால் சுருங்கும், சுருள்வில் ஊசியைத் திருப்பி உள்ளே அமுக்கும். மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். மெழுகுக்குள் செப்புத் தூளைக் கலந்தால் சூடு சீக்கிரம் பரவி, ஊசியும் சீக்கிரம் அசையும்.

காருக்கு எண்பது தொண்ணூறு பாகையில் உருகும் மெழுகு போதும். குளிக்கிற தண்ணீரின் சூட்டை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உருகும் கலவை கிடைத்த பிறகு அதே குப்பி குளியலறைக்குள் வந்தது. ஜெர்மனியின் குரோஹே நிறுவனம் 1956 இல் லார் என்ற ஊரிலிருந்த கார்ல் நெஸ்ட்லர் தொழிற்சாலையை வாங்கித் தெர்மோஸ்டாட் மிக்சர் தொழிலுக்குள் இறங்கியது. ஐரோப்பாவில் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீர் உண்மையாகவே குளிர்ந்தது. 

கைப்பிடி மிக்சருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு, அதுவும் சூடுபட்ட கதைதான். 1937 இல் அமெரிக்க மாணவர் அல் மோயன் கை கழுவக் குழாயைத் திறந்தபோது கொதிநீர் கையில் பட்டது. ஒரே கைப்பிடியில் இரண்டு நீரையும் கலந்து தரும் குழாயை அவர் யோசித்தது அதற்குப் பிறகு. அது விற்பனைக்கு வந்தது 1947 இல். ஆனால் அவருடைய கைப்பிடிக்கு சூடு எவ்வளவு என்பது தெரியாது. இன்றைய கைப்பிடி மிக்சருக்குள் இரண்டு செரமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, சுடுநீருக்கு இத்தனை பங்கு, குளிர்நீருக்கு இத்தனை பங்கு என்று வழிவிடும். வருகிற நீரின் சூடு மாறினாலும் அழுத்தம் மாறினாலும் தட்டுகள் அதே இடத்தில்தான் நிற்கும்.

கொழும்பில் இரண்டு மிக்சருக்குமான இந்த வித்தியாசம் ஐரோப்பாவைவிடப் பெரிது. இங்கே பைப் தண்ணீரே 28 பாகை அளவில் இருக்கும். கூரையில் சோலர் வைத்த வீட்டில் நல்ல வெயில் நாளில் யாரும் தண்ணீர் எடுக்காவிட்டால் பின்னேரம் தாங்கியில் 80 பாகைக்கும் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர், 40 பாகையில் வேண்டுமென்றால் சுடுநீர் 2.3 லீற்றர், குளிர்நீர் 7.7 லீற்றர். ஷவரில் விழுவதில் முக்கால் பங்குக்கு மேல் குளிர்நீர்தான். ஆகவே குளிர்நீர் தளம்பினால் எல்லாமே தளம்பும். யாரோ கொமட்டில் ஃபிளஷ் பண்ண, குளிர்நீர் பாதியாகக் குறைந்தால் தலையில் விழுவது 47 பாகை. கால்வாசியானால் 56. முழுதாக நின்றால் 80.

இந்த இலக்கங்கள் தோலுக்கு என்ன செய்யும் என்பதை 1947 இல் ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்றிக்ஸ் இருவரும் அளந்து எழுதினார்கள். 60 பாகை நீரில் வளர்ந்தவரின் தோல் ஆழமாக வேக ஏறத்தாழ 5 விநாடி போதும். 56 இல் கால் நிமிடமளவு. 49 இல் சில நிமிடங்கள் தாங்கும். 70 இல் ஒரு விநாடியே அதிகம். சுகதேகியான நமக்கு 5 விநாடி என்பது குதித்து விலகப் போதிய நேரம். குழந்தையின் தோல் மெல்லியது, அதனால் இந்த நேரங்கள் இன்னும் சுருங்கும். குழந்தைக்கு எந்தப் பக்கம் விலகுவதென்றும் தெரியாது, அழுதபடி அதே இடத்தில் நிற்கும். எழுபது கடந்த அம்மம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து குளிக்கிறா என்றால் எழும்பவே 5 விநாடிக்கு மேல் எடுக்கும். நீரிழிவால் கால் நரம்பு மரத்தவருக்குச் சுடுவதே தெரியாது. தண்ணீர் காலில் ஓடும்போது அவர் பேசாமல் இருப்பார், பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் வீடு அறியும்.

தெர்மோஸ்டாட் காட்ரிஜில் மெழுகுக் குப்பி கலந்த நீரின் நடுவில் நிற்கிறது. குளிர்நீர் குறைந்து கலவை சூடானால் மெழுகு வீங்கி, ஊசி ஒரு வளையத்தைத் தள்ளி, சுடுநீர் வாயை ஒடுக்கிக் குளிர்நீர் வாயை விரிக்கும். குளிர்நீர் அறவே நின்றால் சுடுநீர் வாயை முற்றாகவே மூடிவிடும். தண்ணீர் நின்று போகும், அவ்வளவுதான். 38 பாகையில் ஒரு பொத்தான் தடுக்கும். அதை அமுக்காமல் குமிழ் மேலே திரும்பாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பொத்தானின் அருமை தெரியும்.

குளிர்நீர் நின்றால் சுடுநீரையும் மூடும் குணத்தின் பெறுமதியை 2022 இல் மின்வெட்டு காட்டியது. அந்த வருடம் மார்ச் 31 ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது ஞாபகமிருக்கும். குளிர்நீரை மட்டும் பிரஷர் பம்பில் ஓடவிட்டு, சோலர் தாங்கியிலிருந்து சுடுநீரைத் தன்பாட்டில் இறங்கவிட்ட வீடுகள் உண்டு. அப்படியான வீட்டில் ஷவருக்குக் கீழே நிற்கும்போது கரண்ட் போனால் பம்ப் நிற்கும், குளிர்நீர் நூலாகும், சோலர் நீர் மட்டும் தன் வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். கைப்பிடி மிக்சருக்கு இது தெரிய வழியில்லை.

பெட்டியை வாங்கிச் சுவரில் பூட்டிவிட்டால் வேலை முடியாது, ஏனென்றால் காட்ரிஜுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. முதலாவது பக்கம். நாம் பார்த்து நிற்கும்போது இடது பைப் சுடுநீர், வலது குளிர்நீர். தொடர்மாடி கட்டியவர் முதுகோடு முதுகு இரண்டு குளியலறைகளை ஒரே பைப்பில் இழுத்திருந்தால் ஒன்றில் பக்கம் மாறியிருக்க நிறைய வாய்ப்பு. கைப்பிடி மிக்சரில் இது வெறும் எரிச்சல், சிவப்பும் நீலமும் மாறிப்போகும். தெர்மோஸ்டாட்டில் ஆபத்து. கலவை சூடாகும்போது மெழுகு குளிர்நீரை மூடும், சூடு மேலும் ஏறும். குமிழைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் குளிர்ந்தால், அல்லது இடையில் நிற்காமல் இரு ஓரத்துக்கும் பாய்ந்தால், சந்தேகமே வேண்டாம், பைப் மாறியிருக்கிறது.

அடுத்தது அழுத்தம். 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார். மேல்மாடி வீட்டில் தாங்கி ஷவருக்கு 3 மீற்றர் மேலே என்றால் கிடைப்பது 0.3 பார். இப்படியான மிக்சர்களில் அனேகம் 1 பாராவது கேட்கும், அதோடு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தமாக இருக்கவும் வேண்டும். அதனால் பம்ப் வைத்தால் இரண்டு பைப்புக்கும் சேர்த்து வையுங்கள். இரண்டு வாயிலும் திரும்பாத அடைப்பானும் வலையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் கூடிய பக்கத்து நீர் மற்றப் பைப்புக்குள் ஏறிவிடும். சுவரில் தொங்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டரோடு இதைச் சேர்க்கவே வேண்டாம். மெழுகு சுடுநீரை ஒடுக்கும்போது ஓட்டம் போதாமல் ஹீட்டர் அணையும், நீர் குளிர்ந்ததும் மெழுகு திறக்கும், ஹீட்டர் மறுபடி பற்றும். குளித்து முடியும்வரை இதே ஆட்டம்.

பின்னேரங்களில் இன்னொரு கூத்து. கூரையில் கறுப்புத் தாங்கியும் வெயில் குடித்த பைப்புமாக இருக்கும் வீட்டில் “குளிர்” நீரே 35 பாகை தாண்டும். குமிழை 30 இல் வைத்தாலும் 35 தான் வரும். மிக்சர் பழுது என்று பிளம்பரைக் கூப்பிடாதீர்கள், மிக்சரால் தண்ணீரைக் குளிராக்க முடியாது.

வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். சுடுநீர் நன்றாகச் சூடேறிய பிறகு, சுடுநீர் வேண்டிய சூட்டைவிடக் குறைந்தது 10 பாகை அதிகமாக இருக்கும்போது, குமிழை 38 இல் வைத்து ஓடவிடுங்கள். உடம்பை நனைக்காமல் ஒதுங்கி நின்று ஒருவர் குளிர்நீர் வால்வை மூடட்டும். சில விநாடிகளில் ஷவர் சொட்டும் நிலைக்கு வர வேண்டும். சூடாகவே ஓடிக்கொண்டிருந்தால் காட்ரிஜ் இறுகிவிட்டது, அல்லது பக்கம் மாறியிருக்கிறது. 38 என்று காட்டும்போது வாளியில் வெப்பமானி 41 காட்டினால் குமிழைக் கழற்றி, பல்லை நகர்த்தி மறுபடி பூட்டலாம். அது சின்ன வேலை.

இறுகிப் போவதற்குப் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவுதான் காரணம். களனி கங்கை, லபுகம, கலட்டுவாவ நீர் மென்மையானது, கொழும்புக்கு அந்தத் தொல்லை குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் அதே மிக்சர் வெகு சீக்கிரம் இறுகும். மாதத்துக்கு ஒருமுறை குமிழை முழுக் குளிரிலிருந்து முழுச் சூட்டுக்கும், திரும்பவும் முழுக் குளிருக்கும் திருப்பினால் படிவு கட்டியாகாது. குளிக்கிறவர்கள் எப்போதும் 38 இலேயே விட்டுவிடுவதால் அது அசையாமல் ஒட்டிப் போகிறது.

நம் வீடுகளுக்கென்று ஒரு ஓட்டை இருக்கிறது. ஷவருக்கு நல்ல தெர்மோஸ்டாட் போட்டவர்கள் முழங்கால் உயரத்தில் வாளிக்கு ஒரு தனிச் சுடுநீர்க் குழாயும் வைத்திருப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது அந்த வாளியில்தான். அந்தக் குழாய் மெழுகைக் காணாமல் நேரே தாங்கியிலிருந்து வருகிறது. அவுஸ்திரேலியாவில் குளியலறைக் குழாய்களுக்கு 50 பாகை எல்லை, முதியோர் இல்லங்களுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் 45. வீடுகளில் அந்த 50 பாகைக்கு அதே மெழுகுத் தத்துவத்தில் ஓடும் கலப்பு வால்வைத் தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பிலேயே வைக்கிறார்கள். தாங்கியின் சூட்டை 45 க்குக் குறைத்து வைத்தால் ஆகாதா என்றால், ஆகாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், 60 இல் சாகும். ஆகவே தாங்கியில் 60, வெளியே வரும்போது 50, ஷவரில் 38 என்று பிரித்து வைப்பதே சரி.

சோலர் வீட்டுக்கு அந்தக் கலப்பு வால்வு வாங்கும்போது சோலருக்கு உகந்ததா என்று கேளுங்கள். சாதாரண வால்வு சோலரின் சூட்டுக்குச் செய்ததல்ல. பழைய சோனகத் தெருவில் காட்ரிஜ் மாற்றத் தேடுகிறவர்கள் பழைய காட்ரிஜைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒரு கம்பனியின் காட்ரிஜ் மற்றக் கம்பனியின் உடலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கம்பனியிலும் பல மாடல்களுக்கு நீளம் வேறு, பல் வேறு.