தேடல் மரக் கணுவின் நினைவக மதிப்பீடு

தேடல் மரக் கணுவின் நினைவக மதிப்பீடு என்பது, சுட்டிகளால் கட்டிய தேடல் மரத்தில் ஒரு சாவியை வைத்திருக்க உண்மையில் எத்தனை பைட் செலவாகிறது என்று கணக்கிடும் முறை. கணுவின் அமைப்பு, அதில் நிரல்பெயர்ப்பி சேர்க்கும் வெற்றுப் பைட்டுகள், நினைவக ஒதுக்கி தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் இடம் ஆகிய மூன்றையும் கூட்டினால்தான் விடை சரியாக வரும். இக்கட்டுரை 64 பிட் லினக்ஸில் `glibc` நூலகத்தின் `malloc` ஒதுக்கியைக் கொண்டு, பத்து லட்சம் சாவிகள் உள்ள சிவப்பு-கருப்பு மரத்தைக் கணக்கிடுகிறது.

கணுவின் அளவு

```c
struct node {
    int64_t key;
    struct node *left;
    struct node *right;
    int color;
};
```

சாவிக்கு 8 பைட், இரண்டு சுட்டிகளுக்கு 16, நிறத்துக்கு 4 என மொத்தம் 28 பைட். அமைப்பின் அளவு 8-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் நிரல்பெயர்ப்பி இறுதியில் 4 வெற்றுப் பைட்டுகளைச் சேர்க்கிறது. எனவே `sizeof(struct node)` 32 என்று காட்டும். 32-ஐப் பத்து லட்சத்தால் பெருக்கி, 32 மெகாபைட் போதும் என்று பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் கணுக்களைத் தனித்தனியே `malloc` மூலம் பெற்றால் அந்த இடம் போதாது.

ஒதுக்கியின் பங்கு

`glibc` ஒவ்வொரு துண்டின் முன்னும் அதன் அளவைக் குறித்துவைக்க 8 பைட் எடுத்துக்கொள்கிறது. பிறகு மொத்தத்தை 16-இன் மடங்காக உயர்த்துகிறது. மிகச் சிறிய துண்டே 32 பைட் இருக்கும். கேட்ட அளவு `n` என்றால் துண்டின் அளவு:

```c
max(32, (n + 8 + 15) & ~15)
```

இதன்படி 24 பைட் வரை கேட்டால் 32 பைட் துண்டு கிடைக்கும். 25 முதல் 40 வரை கேட்டால் 48, 41 முதல் 56 வரை கேட்டால் 64. செலவு படிப்படியாகத் தாவுகிறது. நம் கணு 48 பைட் படியில் விழுகிறது. ஆகவே பத்து லட்சம் கணுக்களுக்கு 48 மெகாபைட், அதாவது சுமார் 45.8 மெபிபைட் தேவை. இதில் சாவிகளின் பங்கு 8 மெகாபைட் மட்டுமே.

நிறத்தின் விலை

நிறம் இல்லாத கணு சரியாக 24 பைட். அது 32 பைட் துண்டில் அடங்கிவிடும். நிறத்தைச் சொல்ல ஒரு பிட் போதும். ஆனால் அதைத் தனிப் புலமாக வைத்ததால் கணுவுக்கு 16 பைட் வீதம், மொத்தம் 16 மெகாபைட் கூடுகிறது. கணுக்களின் முகவரிகள் 16-இன் மடங்காக இருப்பதால் சுட்டியின் கடைசிப் பிட்டுகள் எப்போதும் 0. அவற்றில் ஒன்றில் நிறத்தை வைத்து, சுட்டியைப் பயன்படுத்தும்போது மறைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கருவகத்தின் `rb_node` இவ்வாறே பெற்றோர்ச் சுட்டியுடன் நிறத்தைச் சேர்த்து `__rb_parent_color` புலத்தில் வைக்கிறது.

நிறத்தைத் தனிப் புலமாகவே வைத்தால், அதே படியில் இன்னும் 8 பைட் இடம் மிஞ்சுகிறது. பெற்றோர்ச் சுட்டி ஒன்றைச் சேர்த்தால் கணு 40 பைட் ஆகும். துண்டு 48 பைட்டாகவே இருக்கும். அதற்கு மேல் 8 பைட் மதிப்பு ஒன்றையும் சேர்த்தால் துண்டு 64 பைட்டுக்குத் தாவும். ஒரு புலத்தைச் சேர்க்கும் முன் கணு எந்தப் படியின் எந்த விளிம்பில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

சரிபார்த்தல்

ஒரு கணுவின் முகவரியை `malloc_usable_size` செயற்கூறிடம் கொடுத்தால் 32 கேட்ட இடத்தில் 40 என்று பதில் வரும். அதனுடன் 8 சேர்த்தால் துண்டின் அளவு கிடைக்கும். முழு மரத்துக்கு, கட்டுமுன்னும் கட்டிய பின்னும் `mallinfo2().uordblks` மதிப்பைப் படித்து வித்தியாசம் எடுக்கலாம். அது 48,000,000-ஐ ஒட்டி இல்லாவிட்டால், கணுவுக்கு வெளியே வேறு எதுவோ ஒதுக்கப்படுகிறது. சாவி நீளமான சரமாக இருந்து, அதன் எழுத்துகள் தனித் துண்டில் இருந்தால் இப்படி நேரும். அப்போது அந்தத் துண்டையும் இதே சூத்திரத்தால் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

வரம்புகள்

இந்தப் படிகள் `glibc`-க்கு உரியவை. `jemalloc` துண்டுக்குத் துண்டு தலைப்பு வைப்பதில்லை. 32 பைட் கணுவுக்கு அங்கே 32 பைட் துண்டே கிடைக்கும். எனவே நிறப் புலம் அங்கே கூடுதல் செலவாகாது. கணுக்களை அழிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. விடுவித்த துண்டுகள் பயன்பாட்டில் உள்ளவற்றுக்கு நடுவே சிதறிக் கிடந்தால், `glibc` அவற்றை மறுபயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுமே தவிர இயங்குதளத்திடம் உடனே திருப்பித் தராது. ஆதலால் மரத்தில் இப்போதுள்ள சாவிகளைக் கொண்டு மதிப்பிடாமல், ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய உச்ச எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.