நாய்களின் காதுமடல் ரத்தக்கட்டு: வடித்தலா, தைத்தலா?

நாயின் காதுமடல் ஒரே இரவில் பலூன் போல உப்பிவிட்டது என்று கால்நடை மருத்துவமனைக்கு வருவோர் பலர். பிரிட்டனில் சுமார் 9 லட்சம் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 400 நாய்களுக்கு ஒன்று என்ற அளவில் (0.25 விழுக்காடு) இந்நோய் வருவதாகக் காட்டியது. உயிரைப் பறிக்காத நோய்தான். ஆனாலும் இதற்கான சிகிச்சையில் மருத்துவர்கள் இன்றும் ஒரு கருத்துக்கு வரவில்லை. ஊசியாலோ குழாயாலோ வடித்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. கீறித் தைப்பதே சரி என்கிறது மற்றொன்று. இரண்டும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்பவை என்பதும், எதைத் தேர்வது என்பதை உள்ளிருக்கும் திரவத்தின் வயதே தீர்மானிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எங்கே கசிகிறது?

காதுமடல் மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் மெல்லிய குருத்தெலும்புத் தகடு, இருபுறமும் தோல். முதன்மை ரத்தக்குழாய்கள் புறப்பக்கத்தில் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுகின்றன. அவற்றின் கிளைகள் குருத்தெலும்பில் உள்ள சிறு துளைகளின் வழியே உட்பக்கத்துக்கு வருகின்றன. நாய் தலையை உதறும்போதும் காதைப் பிறாண்டும்போதும் தகடு மடங்குகிறது. ஊடுருவிச் செல்லும் அந்தக் கிளைகள் அறுபடுகின்றன.

ரத்தம் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் தேங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அறுத்தெடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 1984-இல் டுபியல்சிக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, பிளவு குருத்தெலும்புக்குள்ளேயே நிகழ்கிறது. தகடு இரண்டாகப் பிரிந்து, ஒரு மெல்லிய படலம் உட்பக்கத் தோலோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே குழியின் இரு சுவர்களிலும் குருத்தெலும்பு இருக்கிறது. குருத்தெலும்புக்குத் தனக்கென ரத்தக்குழாய் கிடையாது. எனவே இரு சுவர்களும் மீண்டும் ஒட்டுவதற்கு நாள்கள் அல்ல, வாரங்கள் வேண்டும். சிகிச்சை பற்றிய விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஏன் உருவாகிறது?

பெரும்பாலான நாய்களில் காதுக்குழாய் அழற்சியோ, காது உண்ணியோ, ஒவ்வாமைத் தோல்நோயோ அரிப்பைத் தருகிறது. அரிப்பு உதறலைத் தருகிறது. ஆனால் கடும் அரிப்புள்ள எத்தனையோ நாய்களுக்கு ரத்தக்கட்டு வருவதில்லை. அழற்சியே இல்லாத சில நாய்களுக்கு வருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, 1986-இல் குவஹாரா தன்னெதிர்ப்பு நோய் என்ற விளக்கத்தை முன்வைத்தார். 1997-இல் ஜாய்ஸும் டேயும் நடத்திய நோயெதிர்ப்பு ஆய்வு அதற்கு வலுவான ஆதரவு தரவில்லை. 2021-ஆம் ஆண்டு ஆய்வோ மடலின் வடிவத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 'வி' வடிவில் மடிந்து தொங்கும் காதுள்ள நாய்களில் நோய் மிகுதி. மடிப்புக் கோட்டில் ஆண்டுக்கணக்காக வளைந்து வளைந்து தளர்ந்த குருத்தெலும்பு, ஒரு நாள் உதறலில் பிளக்கிறது என்று எண்ண இது இடமளிக்கிறது. நடுவயதுக்கு மேற்பட்ட நாய்களில் இது அதிகம் காணப்படுவதும் இதற்கு ஒத்துவருகிறது.

தன்னெதிர்ப்புக் கொள்கைக்கு ஆதரவாக, ஸ்டீராய்டு கொடுத்தால் குணமாகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இது பலவீனமான சான்று. ஸ்டீராய்டு காதுக்குழாயின் வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கிறது, குழாய்ச் சுவர்களின் கசிவையும் குறைக்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் உதறல் நின்றால் காது ஆறும்.

இரண்டு வழிகளும் செய்வது என்ன?

ஊசியால் மட்டும் ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் குழி அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் மறுபடி நிரம்பிவிடுகிறது. வடித்தலுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். ஆனால் வடித்தல் என்பது இது மட்டுமல்ல. பசுக்காம்பில் செருகும் சிறு குழாயையோ, துளையிட்ட மென்குழாயையோ மடலின் தாழ்ந்த பகுதியில் வைத்துத் தைத்தால், கசிவது அவ்வப்போது வெளியேறிச் சுவர்கள் நெருங்கியே இருக்கும். வடித்தபின் குழிக்குள் ஸ்டீராய்டைச் செலுத்துவதும் உண்டு.

அறுவை முறையில், மயக்கம் கொடுத்து, உட்பக்கத் தோலை நீளவாக்கில் நேராகவோ 'எஸ்' வடிவிலோ கீறி, உறைகட்டிகளையும் ஃபைப்ரினையும் அகற்றிக் கழுவுகிறார்கள். பிறகு மடலின் முழுத் தடிமனையும் ஊடுருவும் மேட்ரஸ் தையல்கள் பல வரிசையாக இடப்படுகின்றன. தையல்கள் ரத்தக்குழாய்களுக்கு இணையாக, நீளவாக்கில் அமைய வேண்டும். குறுக்கே போட்டால் குழாய் இறுகி, நுனிப்பகுதி கருகும். கீறலின் விளிம்புகளைச் சேர்த்து மூடவும் கூடாது. சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் கசிவு வெளியேறும். தையல்கள் இரண்டு அல்லது மூன்று வாரம் இருக்க வேண்டும்.

ஆக, அறுவையின் பலன் ரத்தத்தை எடுப்பதில் இல்லை. வெற்றிடத்தை மூடுவதிலும் அதை வாரக்கணக்கில் மூடியே வைத்திருப்பதிலும் இருக்கிறது. நன்றாக வேலைசெய்யும் குழாயும் அதையே குறைந்த காயத்தோடு செய்கிறது. அது தோற்பது ஃபைப்ரின் அடைக்கும்போது.

ஒரே நாய், இரண்டு நாள்கள்

32 கிலோ எடையுள்ள எட்டு வயது லாப்ரடார் ஒன்றை எண்ணிக்கொள்வோம். வீக்கம் வந்து இரண்டு நாள். தொட்டால் வெதுவெதுப்பாக, நீர் நிறைந்ததாகத் தளும்புகிறது. காதுக்குழாயில் பழுப்பு மெழுகு. நுண்ணோக்கியில் மலசீசியா பூஞ்சை. ஊசியில் நீர்த்த சிவப்புத் திரவம் தடையின்றி வருகிறது. இங்கே குழாய் வைத்து வடித்து, பூஞ்சைக்கு மருந்திட்டு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 16 மில்லிகிராம் பிரெட்னிசலோனில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது ஏற்புடைய வழி. நீரிழிவு இருந்தாலோ, குழியில் சீழ் இருந்தாலோ ஸ்டீராய்டு கூடாது. நாய் பிறாண்டாமலிருக்கக் கழுத்துக் கூம்பு வேண்டும்.

அதே நாய் பதினைந்தாம் நாள் வருகிறது என்று கொள்வோம். வெப்பம் தணிந்து மடல் தடித்திருக்கிறது. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. ஊசியில் சில சொட்டுக்கு மேல் வரவில்லை. உள்ளே ஃபைப்ரின் திரண்டு, வடுத்திசு சுருங்கத் தொடங்கியிருக்கும். இப்போது குழாய் வைப்பதில் பொருளில்லை. கீறி, சுத்தம்செய்து, தைப்பதே வழி. அதையும் தள்ளிப்போட்டால் மடல் சுருங்கி நிரந்தரமாகக் கோணிவிடும். முறையாக வடித்தும் திரும்பத் திரும்ப நிரம்பும் காதுக்கும் அறுவையே உகந்தது.

இரு நாள்களிலும் மாறாதது காதுக்குழாய்ச் சிகிச்சை. பூஞ்சையை விட்டுவிட்டு மடலை மட்டும் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், உதறல் தையலை இழுக்கும். மறு காதுக்கும் அதே ஆபத்து தொடரும்.

ஒப்பீடுகளின் குறை

வெளியான ஒப்பீடுகளை நேரடியாக எடைபோட முடிவதில்லை. ஒரு கட்டுரையில் வெற்றி என்பது மீண்டும் நிரம்பாதது. இன்னொன்றில் மடல் பழைய வடிவத்துக்குத் திரும்புவது. தைத்த காது நிரம்பாமலே சுருங்கலாம். வடித்த காது ஒருமுறை நிரம்பிப் பின் தழும்பின்றி ஆறலாம். இரண்டு அளவுகோல்களும் இருவேறு வெற்றியாளர்களைக் காட்டக்கூடும். இனி நடக்கும் ஆய்வுகள் ஒவ்வொரு நாய்க்கும் வீக்கத்தின் வயது, வடித்ததன் தன்மை, காதுக்குழாயின் நிலை ஆகிய மூன்றையும் பதிவுசெய்து, மறுநிரம்பலையும் வடிவத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். அதுவரை, ஊசியில் வருவது நீரா கட்டியா என்று பார்த்து முடிவெடுக்கும் மருத்துவரே சான்றுக்கு அருகில் நிற்கிறார். எல்லாக் காதையும் தைப்பவரும் எல்லாக் காதையும் வடிப்பவரும் அல்ல.