கட்டளைக்குள் புகுந்த மதிப்பு: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனின் முன்கதையும் பின்கதையும்

எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1998 டிசம்பரில்தான் கதையைத் தொடங்குவார்கள். அந்த மாதம் வெளிவந்த ‘ஃப்ராக்’ மின்னிதழின் 54ஆவது இதழில், ‘ரெயின் ஃபாரஸ்ட் பப்பி’ என்ற புனைபெயரில் எழுதியவர் ஒரு விஷயத்தைக் காட்டினார். வலைப்பக்கத்தில் பயனர் தட்டும் எழுத்துகள் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரிடம் கட்டளையாகவே போய்ச் சேர முடியும் என்பதுதான் அது. தாக்குதலின் வரலாற்றுக்கு அது நியாயமான தொடக்கம். ஆனால் தாக்குதலைத் தடுக்கும் வழி அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, வேறொரு காரணத்துக்காக, உருவாகிவிட்டது. மருந்து முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. இடையில் மருந்து எப்படிக் கைநழுவியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1974இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வெல்’ என்ற வினவல் மொழியை முன்வைத்தார்கள். இன்றைய எஸ்க்யூஎல்லின் மூலவடிவம் அது. அதைச் செயல்படுத்திப் பார்க்க எழுந்த ‘சிஸ்டம் ஆர்’ திட்டம் இரண்டு வகைப் பயனாளர்களை எதிர்பார்த்தது. ஒருவர், முனையத்தின் முன் அமர்ந்து அப்போதைக்குத் தோன்றும் வினவலைத் தட்டுகிற மனிதர். மற்றது, கோபால் அல்லது பிஎல்/1 மொழியில் எழுதப்பட்டு, ஒரே வினவலை நாள் முழுக்க ஆயிரம் தடவை ஓட்டுகிற நிரல். மனிதரின் வினவலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துப் பொருள்கொள்வதில் தவறில்லை. நிரலுக்கும் அப்படியே செய்தால் நேரம் வீண்.

1976இன் தொடக்கத்தில் ரேமண்ட் லோரி இதற்கு வழி சொன்னார். வினவலை முன்கூட்டியே நேரடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றி வைத்துவிடலாம் என்றார். நிரலுக்குள் எழுதப்பட்ட எஸ்க்யூஎல் வாக்கியங்களை ஒரு முன்தொகுப்பி பிரித்தெடுக்கும். வினவலில் ஊழியர் எண் போன்ற மாறும் பகுதி வரும் இடத்தில், நிரலின் மாறி ஒன்றின் பெயர் மட்டும் நிற்கும். வினவலின் அமைப்பு தொகுக்கும்போதே முடிவாகிவிடும். மாறியின் மதிப்பு ஓடும்போதுதான் வந்து சேரும். அந்த மதிப்பில் மேற்கோள்குறி இருந்தாலும் முழு எஸ்க்யூஎல் வாக்கியமே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைப் படித்துப் பொருள்கொள்ளும் வேலை ஏற்கெனவே முடிந்துபோயிற்று. பாதுகாப்பு அன்று நோக்கம் அல்ல, வேகம்தான் நோக்கம். பாதுகாப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அது வந்ததை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு அது தொலைந்தபோது கவனிக்கப்படாததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

தொலைந்தது 1990களின் வலை நிரலாக்கத்தில். பெர்ல், ஏஎஸ்பி, பிஎச்பி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் முன்தொகுப்பி கிடையாது. எழுத்துகளை ஒட்டி ஒரு சரமாக்கி, அதைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது எளிய வழியாக இருந்தது. அதாவது நிரல், மனிதருக்கென்று வைத்திருந்த வாசல் வழியே போகத் தொடங்கியது. வேறு வழி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1997இல் வந்த ஜாவா 1.1இன் ஜேடிபிசியில் பாராமீட்டர் வசதி இருந்தது, பெர்லின் டிபிஐயிலும் இருந்தது. ஆனால் வலையில் மிகப் பரவலாக இருந்த பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இணைக்கு அது வாய்க்கவில்லை. மைஎஸ்க்யூஎல் 4.1 பதிப்பும் பிஎச்பி 5உம் வந்த 2004 வரை, அந்த இரண்டையும் பயன்படுத்திய நிரலர்களுக்கு ஒட்டுவேலைதான் வழக்கமான வழி.

ஒட்டுவேலையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நூலகத் தேடல் பக்கத்தை வைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் பெயரைப் பயனர் தட்டுகிறார், நிரல் அதை இரண்டு மேற்கோள்குறிகளுக்கு நடுவே வைத்து வினவலாக்குகிறது. பெயர் டிசோசா என்றால், தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர்வது இது:

```sql
SELECT title, publisher FROM books
WHERE author = 'D'Souza'
```

பயனர் எந்தச் சூதும் செய்யவில்லை, ஆசிரியரின் பெயரைத்தான் தட்டினார். ஆனால் தரவுத்தளத்தின் பார்சர் இதை இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, `'D'` என்பதோடு சரம் முடிந்தது என்று கொள்கிறது. அடுத்து வரும் `Souza` அதற்கு ஏதோ ஒரு பெயர்ச்சொல். கடைசி மேற்கோள்குறி இன்னொரு சரத்தைத் திறக்கிறது, அது மூடப்படவே இல்லை. விளைவு, பிழைச்செய்தி. எந்த எழுத்து நிரலருடையது, எது பயனருடையது என்ற தகவல் ஒட்டிய கணத்திலேயே அழிந்துவிட்டது. பார்சரிடம் இருப்பது ஒரே எழுத்துத்தொடர்தான்.

இன்ஜெக்‌ஷன் என்பது இதே பிழைதான். வேறுபாடு, மேற்கோள்குறிகளின் கணக்கை ஒருவர் வேண்டுமென்றே சரிக்கட்டித் தருகிறார். அவர் தட்டுவது `x' OR '1'='1` என்று வைத்துக்கொள்வோம்:

```sql
SELECT title, publisher FROM books
WHERE author = 'x' OR '1'='1'
```

இப்போது பிழைச்செய்தி வராது. இலக்கணப்படி இது குறையற்ற வினவல், நிபந்தனை எல்லா வரிசைகளுக்கும் பொருந்தும், முழு அட்டவணையும் திரையில் வந்து விழும். இதே இடத்தில் `UNION SELECT` போட்டு, இரண்டு நெடுவரிசைகள் உள்ள இன்னொரு கேள்வியைச் சேர்த்தால், புத்தகத் தலைப்பும் பதிப்பகமும் வரவேண்டிய இடத்தில் ஊழியர்களின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வரும். தளத்தைச் சோதிப்பவர்கள் முதலில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றை மட்டும் தட்டிப் பார்ப்பதும் இதனால்தான். அதற்குத் தரவுத்தளப் பிழை திரும்பி வந்தால், ஒட்டுவேலை நடக்கிறது என்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

முதலில் கைக்கொண்ட மாற்று, எழுத்துகளைக் காவல் காப்பது. மேற்கோள்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டுவிட்டால் அது சரத்தை மூடாது என்பது யோசனை. பிஎச்பியின் ‘மேஜிக் கோட்ஸ்’ இதை எல்லா உள்ளீட்டுக்கும் தானாகவே செய்தது. இதில் இரண்டு ஓட்டைகள். எண் வரும் இடத்தில் மேற்கோள்குறியே இல்லை. `id = 5` என்ற இடத்தில் `5 OR 1=1` தட்டுகிறவருக்குப் பின்சாய்வுக்கோடு ஒரு தடையே அல்ல.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. சீன எழுத்துக் குறியாக்கமான ஜிபிகேயில் சில எழுத்துகளுக்கு இரண்டு பைட்டுகள். தாக்குபவர் `BF 27` என்ற இரு பைட்டுகளை அனுப்புகிறார். `27` என்பது மேற்கோள்குறி. காவல் செயற்கூறு பைட் பைட்டாகப் பார்த்து, அதற்கு முன்னால் பின்சாய்வுக்கோட்டின் `5C`ஐச் சொருகுகிறது. ஆக `BF 5C 27` ஆகிறது. ஜிபிகேயாகப் படிக்கும் தரவுத்தளத்துக்கு `BF 5C` சேர்ந்து ஒரே சீன எழுத்து. காவலுக்கு வைத்த கோடு அந்த எழுத்துக்குள் கரைந்துபோக, மேற்கோள்குறி தனியே நிற்கிறது. 2006இல் கிறிஸ் ஷிஃப்லெட் இதை வெளிப்படையாக விளக்கினார். தரவுத்தளம் எப்படிப் படிக்கும் என்பதை வெளியிலிருந்து ஊகிக்கும் எந்தச் செயற்கூறும் ஒருநாள் தவறாக ஊகிக்கும். மேஜிக் கோட்ஸ் 2012இல், பிஎச்பி 5.4 பதிப்பில், நீக்கப்பட்டது.

பாராமீட்டர் இந்த ஊகத்தையே தேவையற்றதாக்குகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2003இல் தன் 7.4 பதிப்பில் கொண்டுவந்த தகவல்தொடர்பு முறையில் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நிரல் முதலில் ‘பார்ஸ்’ என்ற செய்தியை அனுப்பும். அதில் உள்ளது இவ்வளவுதான்:

```sql
SELECT title, publisher FROM books WHERE author = $1
```

இதைப் படித்துத் தரவுத்தளம் வினவலின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. ஒரு அட்டவணை, ஒரு நிபந்தனை, அந்த நிபந்தனையின் வலப்பக்கம் ஒரே ஒரு மதிப்புக்கு இடம். அடுத்து ‘பைண்ட்’ என்ற தனிச் செய்தி போகிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். `D'Souza` என்றால் 7 பைட்டுகள், `x' OR '1'='1` என்றால் 12 பைட்டுகள். மதிப்பு எங்கே முடிகிறது என்பதை நீளம் சொல்லிவிடுவதால் மூடும் குறி என்று ஒன்று தேவையே இல்லை. மூடும் குறி இல்லாத இடத்தில் அதைப் போலியாகப் போடவும் முடியாது. அந்த 12 பைட்டுகளை எஸ்க்யூஎல் பார்சர் தொடுவதில்லை. அந்தப் பெயரில் ஆசிரியர் யாரும் இல்லை என்பதால் விடை வெறுமையாக வரும். 1976இல் லோரி வேகத்துக்காகப் பிரித்த அதே பிரிவினைதான் இது, வலைப்பின்னல் செய்தியாக உருமாறியிருக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு, அது தற்செயலானதல்ல. `$1` ஒரு மதிப்பின் இடத்தில் மட்டுமே நிற்க முடியும். அட்டவணையின் பெயர் தெரியாமல் வினவலின் அமைப்பைத் தீர்மானிக்க இயலாது. `ORDER BY`க்குப் பின்னால் வரும் நெடுவரிசையின் பெயரும் அப்படியே. இந்த இடங்களில் பயனரின் சொல்லை ஒட்டாமல், நிரலர் முன்பே எழுதி வைத்த பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். வினவலின் எழுத்துவடிவில் நிரலர் எழுதாத ஒரு எழுத்துகூட இருக்கக்கூடாது என்பதே இங்கு விதி. ‘பாராமீட்டர் பயன்படுத்து’ என்ற அறிவுரை இந்த விதியின் ஒரு பகுதி மட்டுமே.

மீதிப் பகுதியின் விலையை 2014இல் ட்ரூபல் காட்டியது. ட்ரூபல் 7 வினவல்களுக்குப் பாராமீட்டரையே பயன்படுத்தியது. பட்டியலாக ஒரு மதிப்பு வந்தால், `:name` என்ற இடக்குறியை `:name_0, :name_1` என்று விரிக்கும் ஒரு சிறு செயற்கூறு அதில் இருந்தது:

```php
foreach ($data as $i => $value) {
  $new_keys[$key . '_' . $i] = $value;
}
```

மதிப்புகள் அனைத்தும் முறைப்படி தனியே போயின. ஆனால் இடக்குறியின் பெயரில் சேரும் `$i` எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது 0, 1 என்றுதான் இருக்கும் என்பது எழுதியவரின் நினைப்பு. பிஎச்பியிலோ, வலைப்படிவத்தின் புலப்பெயரை `name[0]` என்பதற்குப் பதில் `name[0; UPDATE ...]` என்று எழுதி அனுப்பினால், அடைப்புக்குள் இருப்பது அப்படியே `$i` ஆகிவிடும். அது வினவலின் எழுத்துவடிவில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டது. மைஎஸ்க்யூஎல்லுக்கு ட்ரூபல் பயன்படுத்திய பிடிஓ நூலகமும், பாராமீட்டரை உண்மையில் தனியே அனுப்பாமல் தானே வினவலில் நிரப்பி அனுப்பும் போலிமுறையில் இயங்கியது. அதனால் அரைப்புள்ளிக்குப் பின்வந்த இரண்டாவது கட்டளையும் ஓடியது. கடவுச்சொல் எதுவும் தெரியாத ஒருவர், உள்நுழைவுப் படிவத்திலிருந்தே தளத்தைக் கைப்பற்ற முடிந்தது.

திருத்தம் ஒரே வரியில் முடிந்தது. `$data` இருந்த இடத்தில் `array_values($data)` வந்தது. பயனர் தந்த பெயர்கள் போய், 0, 1 என்ற எண்கள் மட்டும் மிஞ்சின. இந்தத் திருத்தம் அடங்கிய 7.32 பதிப்பு 2014 அக்டோபர் 15 அன்று வெளியானது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்திக்கொள்ளாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் கைப்பற்றப்பட்டதாகவே கருத வேண்டும் என்று, இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 29 அன்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு அறிவித்தது.