‘28.5% குறையும்’னா என்ன அர்த்தம்? சர்க்கரை நோய் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே அதைத் தடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு முக்கியமான இந்திய ஆய்வு 2006-ல் ‘டயாபடோலாஜியா’ என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியானது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்த ஆய்வின் பெயர், இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம்.

அதன் ஆங்கிலச் சுருக்கம் ஒரு பக்கம்கூட வராது. ஆனால் பொதுமக்கள் படிக்கும் ஒரு ஆரோக்கிய இதழுக்காக அதைத் தமிழில் கொடுக்கும்போது, ஒன்றிரண்டு சொற்கள் பிசகினால் போதும், படிப்பவர் தான் சாப்பிடும் மாத்திரையையே நிறுத்திவிடக்கூடும். எந்தெந்த இடத்தில் பிசகுகிறது? பார்க்கலாம்.

இவர்கள் நோயாளிகளே இல்லை!

ஆய்வில் பங்கேற்றவர்கள் 531 பேர். 421 ஆண்கள், 110 பெண்கள். சராசரி வயது சுமார் 46. இவர்களை ‘சர்க்கரை நோயாளிகள்’ என்று எழுதினால் மொத்தக் கட்டுரையும் தப்பாகிவிடும். ஏன்னா, ஆய்வு தொடங்கும்போது இவர்களில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது.

சுருக்கத்தில் இவர்களைக் குறிக்கும் சொல் ‘இம்பேர்டு குளுக்கோஸ் டாலரன்ஸ்’. இதை அகராதியைப் பார்த்து ‘குளுக்கோஸ் சகிப்புத்தன்மைக் குறைபாடு’ என்று எழுதுபவர்கள் உண்டு. சகிப்புத்தன்மை என்றால் நமக்குப் பொறுமைதான் நினைவுக்கு வரும். அதைவிட, டெஸ்ட் எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140-க்குக் கீழே இருந்தால் நார்மல். 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். 140-லிருந்து 199 வரை இருப்பவர்கள்தான் இந்த 531 பேர். ‘சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

‘கட்டுப்பாட்டுக் குழு’ என்றால் யார்?

531 பேரையும் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். இங்கே ‘ரேண்டமைஸ்டு’ என்ற சொல் வருகிறது. ‘சீரற்ற முறையில் பிரித்தார்கள்’ என்று எழுதினால் ஏதோ ஒழுங்கில்லாமல் செய்த மாதிரி இருக்கிறது. ‘குலுக்கல் முறையில் பிரித்தார்கள்’ என்பது சரியான பொருளைத் தரும். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை, பங்கேற்றவரும் முடிவு செய்யவில்லை.

முதல் குழுவுக்கு வழக்கமான பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும்.

முதல் குழுவைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று எழுதுவது பாடப்புத்தகப் பழக்கம். வேறு நோய் என்றால் பரவாயில்லை. ஆனால் சர்க்கரை விஷயத்தில் ‘கட்டுப்பாடு’ என்றாலே நம் வீடுகளில் பத்தியம்தான். “அவர் கட்டுப்பாடா இருக்கார்” என்றால் இனிப்பைத் தொடுவதில்லை என்று அர்த்தம். ஆக, தனிச் சிகிச்சை எதுவும் இல்லாத குழுவை, கடும் பத்தியத்தில் இருந்த குழுவாக வாசகர் எடுத்துக்கொள்வார். அப்புறம் அந்தக் குழுவுக்குத்தான் அதிகமாக நோய் வந்தது என்று படித்தால்? ‘பத்தியம் இருந்தா சர்க்கரை வரும்’ என்ற தலைகீழ் முடிவுதான் கிடைக்கும். ‘ஒப்பீட்டுக் குழு’ என்று போட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

28.5 சதவீதம்: எதில் குறைந்தது?

அதிகம் தவறுவது இங்கேதான். வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பு 28.5% குறைந்தது என்கிறது சுருக்கம். இது உடனே ‘நடைப்பயிற்சி செய்தால் 100-ல் 28 பேருக்குச் சர்க்கரை வராது’ என்று தலைப்பாகிவிடுகிறது. அது தவறு.

அதே சுருக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் 39.3%. இரண்டுக்கும் வித்தியாசம் 15.7. அந்த 15.7 என்பது 55-ல் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டால் வருவதுதான் 28.5%.

அதாவது, 100 பேரில் கூடுதலாகத் தப்பித்தவர்கள் சுமார் 16 பேர். 28 பேர் இல்லை. 28.5 என்ற எண்ணைப் போடக்கூடாது என்பதில்லை. ஆனால் 55, 39 இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் அதை மட்டும் போட்டால் வாசகரை ஏமாற்றுவதாகிவிடும். இடம் இல்லை என்றால் 28.5-ஐ விட்டுவிடலாம், 55-ஐயும் 39-ஐயும் விடக்கூடாது.

‘ஒருவரை நோயிலிருந்து காக்க 6.4 பேருக்குச் சிகிச்சை தர வேண்டும்’ என்றும் ஒரு கணக்கு வருகிறது. இதை அப்படியே எழுதினால், மீதி ஐந்தாறு பேருக்கும் நோய் வந்துவிட்டது போல இருக்கும். உண்மையில் 7 பேரை எடுத்துக்கொண்டால், ஒன்றும் செய்யாதபோது ஏறக்குறைய 4 பேருக்கு நோய் வருகிறது. வாழ்க்கைமுறையை மாற்றினால் ஏறக்குறைய 3 பேருக்கு. மற்றவர்களுக்கு எப்படியும் அந்த மூன்று ஆண்டில் வந்திருக்காது.

‘கூடுதல் பலன் இல்லை’: ஆபத்தான வரி

மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 40.5% பேருக்கு நோய் வந்தது. இரண்டையும் செய்த குழுவில் 39.5%. ஆக, இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று சுருக்கம் முடிகிறது.

இதில் ‘கூடுதல்’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால், ‘இரண்டையும் சேர்த்தால் பலன் இல்லை’ என்று ஆகிவிடும். பலன் இருந்தது. தனித்தனியாகச் செய்தபோது கிடைத்த அதே அளவு கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஆரோக்கிய இதழைக் கையில் எடுப்பவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள். “அப்போ நடந்தாலே போதும், மாத்திரை எதுக்கு?” என்று அவர்கள் நினைக்க இந்த வரி ஒன்று போதும். ஆய்வில் கொடுத்தது நோய் இல்லாதவர்களுக்கு, தினமும் மொத்தம் 500 மில்லிகிராம் என்ற சிறிய அளவு. நோய் வந்தவர்கள் மருந்தை நிறுத்தலாமா என்பதை இந்த ஆய்வு கேட்கவே இல்லை. மூலச் சுருக்கத்தில் இந்த எச்சரிக்கை இருக்காது. காரணம், அது மருத்துவர்களுக்காக எழுதியது. தமிழில் எழுதுபவர் இதைத் தன் பங்காகச் சேர்த்தே ஆக வேண்டும். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற தயக்கம் இருந்தால், கட்டுரைக்குக் கீழே தனிக் குறிப்பாகப் போடலாம்.

முடிவுப் பகுதி தமிழில் எப்படி இருக்கலாம்?

“சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 இந்தியர்கள் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்த குழுவில் இது சுமார் 39 ஆகவும், மெட்ஃபார்மின் எடுத்த குழுவில் சுமார் 40 ஆகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான் கிடைத்தது, அதற்கு மேல் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இந்த ஆய்வு நடத்தப்படவில்லை. அவர்கள் இதை வைத்து மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.”