புழுதி துரத்தியதா, டிராக்டர் துரத்தியதா?

காலநிலையால் இடம்பெயர்ந்தவர்கள் என்று பேச ஆரம்பித்தாலே 1930களின் அமெரிக்கப் புழுதிப் புயல்கள் வந்துவிடும். மழை பொய்த்தது, மேல்மண் பறந்தது, ஓக்லஹோமா விவசாயிகள் பழைய காரில் பாயும் படுக்கையுமாகக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்கு ‘ஓக்கி’ என்று ஏளனப் பெயர். (நம்ம குமரிக் கடலில் வந்த ஒக்கி புயலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) இந்தக் கதை பாதிதான் சரி. மீதிப் பாதியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப்படுகிறது.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். புழுதி மையம் கொண்டது ஓக்லஹோமாவின் மேற்குக் கோடி, அதை ஒட்டிய கான்சஸ், கொலராடோ, டெக்சஸ் பகுதிகள். அங்கே கோதுமை. ஸ்டைன்பெக் 1939ல் எழுதிய நாவலின் ஜோட் குடும்பமோ சாலிசாவைச் சேர்ந்தது. அந்த ஊர் மாநிலத்தின் கிழக்கு எல்லையில், புழுதி மையத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறது. அங்கே பருத்தி, வாரச் சாகுபடி. ‘ஓக்கி’களில் பெரும்பாலோர் இந்த மாதிரிப் பகுதிகளிலிருந்து கிளம்பியவர்கள்தான் என்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் கிரகரி 1989லேயே எழுதிவிட்டார்.

பருத்தி நாட்டில் என்ன நடந்தது? விலை படுத்துவிட்டது. 1933ல் வந்த விவசாயச் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைத்தால் அரசே பணம் தரும் என்றது. பணம் பெரும்பாலும் நில உடைமையாளர் கைக்குத்தான் போனது. நிலத்தைத் தரிசு போட்டால் வாரதாரர் எதற்கு? அவரை அனுப்பிவிட்டு, வந்த பணத்தில் டிராக்டர் வாங்கியவர்கள் உண்டு. ஸ்டைன்பெக்கைக் குறை சொல்ல முடியாது. டிராக்டரையும் வங்கியையும் அவர் எழுதத்தான் செய்தார். நாம புழுதியை மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம்.

அதற்காகக் காலநிலைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1934, 1936 வறட்சி கிழக்கையும் விடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எப்படிப் பிரிப்பது?

ஒரு வழி, ஊர்களை ஒப்பிடுவது. ரிச்சர்ட் ஹார்ன்பெக் 2012ல் அதைச் செய்தார். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒரே மாநிலத்துக்குள், 1930க்கு முன் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த கவுண்டிகளை எடுத்து, அரசின் மண் அரிப்பு வரைபடத்தை வைத்துப் பிரித்தார். மந்தநிலை, அரசாங்கத் திட்டம், விலைச் சரிவு எல்லாம் இவற்றுக்குப் பொது; மண் போனது மட்டும் வேறு வேறு. ஆகவே மிஞ்சும் வித்தியாசத்தை மண்ணின் கணக்கில் எழுதலாம். கடுமையாக அரிக்கப்பட்ட கவுண்டிகளில் 1940க்குள் நிலத்தின் மதிப்பு, குறைவாக அரிக்கப்பட்டவற்றைவிட 30 சதவீதம் கூடுதலாக விழுந்திருந்தது. மக்கள்தொகையும் கூடுதலாகக் குறைந்தது. இதுல ஒரு சிக்கல் இருக்கு. மண் தானாகப் பறக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்துக் கோதுமை விலையை நம்பிப் புல்வெளியை உழுது தள்ளியிருந்தார்கள். அதாவது ‘காலநிலை’ என்று நாம் எழுதும் பத்தியிலேயே பழைய சந்தைக் கணக்கும் கலந்திருக்கிறது.

இன்னொரு வழி, ஆட்களையே பின்தொடர்வது. ஜேசன் லாங், ஹென்றி சியு இருவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையெழுத்துப் படிவங்களில் ஒரே ஆளை, பெயர், வயது, பிறந்த மாநிலம் பார்த்து, 1930லும் 1940லும் தேடிப் பிடித்தார்கள். 1940 படிவங்கள் 72 ஆண்டு விதிப்படி 2012ல்தான் பொதுப் பார்வைக்கு வந்தன. 1920களுக்கும் இதே வேலையைச் செய்தார்கள். அந்த ஒப்பீட்டில்தான் விஷயமே திரும்பியது.

புழுதிப் பகுதியிலிருந்து ஜனங்கள் வெளியேறிய வேகம் 1930களிலும் 1920களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மழை நன்றாகப் பெய்த காலத்திலும் அங்கே ஆட்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1930களில் நின்றது வரத்து. ஊர் காலியானது முக்கியமாக அதனால்தான். கிளம்பியவர்களிலும் மற்றத் தொழில்காரர்களைவிட விவசாயிகளே குறைவு. போனவர்களில் பலர் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து பெயர்ந்தவர்களைவிட இவர்கள் கலிஃபோர்னியாவை அதிகம் நாடவில்லை.

இரண்டு ஆய்வும் மோதுகின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள்தொகை குறைந்தது என்று ஒன்று சொல்கிறது. எந்த வாசல் வழியாகக் குறைந்தது என்று மற்றது சொல்கிறது. புதிதாக யாரும் வராமல் போனதிலும் மண்ணுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் வராதவர்களை யாரும் அகதி என்று எண்ணுவதில்லை, படம் எடுப்பதும் இல்லை.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. டொரோதியா லாங்கே 1936ல் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் தாம்சன் ஓக்லஹோமாவில் பிறந்தவர்தான். ஆனால் அவர் கலிஃபோர்னியாவுக்கு வந்தது 1920களில், புழுதி கிளம்பும் முன்பே. பின்தொடரும் முறையிலும் இவரைப் போன்றவர்கள் எளிதில் சிக்குவதில்லை. கல்யாணமானால் பெயர் மாறிவிடும். பத்து வருஷம் கழித்து அதே ஆளைப் படிவத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்.