வேலை மாறிக்கொண்டே போகிறது, பணம் வரவில்லை: தன்னுரிமைத் தொழிலர் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் தன்னுரிமையாக வேலை செய்யும் வடிவமைப்பாளர்கள், ஒளிப்படக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோருக்குப் பழக்கமான சிக்கல் இது. வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டு வேலை கொடுப்பார். பாதி வழியில் இன்னொன்றைக் கேட்பார். வேலை முடிந்ததும் பணம் ‘அடுத்த வாரம்’ என்று தள்ளிப்போகும். இவை இரண்டு பிரச்சினைகள்போல் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: எது வேலை, எது கூடுதல் வேலை என்பது தொடக்கத்தில் எழுதப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்வோம். விருந்து உணவு விநியோகிக்கும் உணவகம் ஒன்று, தீபாவளிக்காக 12 பக்க மெனு புத்தகம் செய்து தரும்படி ஆகஸ்ட் மாதம் கேட்கிறது. அவர் அனுப்பிய கொட்டேஷனில் ‘மெனு வடிவமைப்பு, 2,400 வெள்ளி’ என்று ஒரே வரி. முன்பணம் 960 வெள்ளி கிடைக்கிறது.

முதல் வரைவு போனதும் மாற்றங்கள் தொடங்குகின்றன. எட்டுப் பக்கங்கள் கூட வேண்டும் என்கிறார் முதலாளி. வடிவமைப்பாளர், “அதற்குக் கூடுதலாக 1,200 வெள்ளி ஆகும் அண்ணா” என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். “ஓகே, செய்யுங்கள்” என்று பதில் வருகிறது. பிறகு முதலாளியின் தம்பிக்கு அட்டை பிடிக்கவில்லை. புதிதாக ஓர் அட்டை கேட்கிறார்கள். விலை பற்றி யாரும் பேசவில்லை; வடிவமைப்பாளரும் செய்துகொடுக்கிறார். அக்டோபரில் அச்சுக் கோப்பை அனுப்பிவிடுகிறார். இன்வாய்ஸில் புதிய அட்டைக்கு 400 வெள்ளி சேர்க்கிறார். டிசம்பர் வந்தும் பணம் வரவில்லை.

அவர் எவ்வளவு கேட்க முடியும்? முதல் விலை 2,400, ஒப்புக்கொண்ட கூடுதல் 1,200, ஆக 3,600 வெள்ளி. முன்பணம் 960 போக 2,640 வெள்ளிக்கு அவரிடம் எழுத்துச் சான்று இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுதான். அட்டைக்கான 400 வெள்ளி அப்படி அல்ல. கேட்டுச் செய்யவைத்த வேலைக்கு நியாயமான ஊதியம் கேட்கலாம். ஆனால் வாடிக்கையாளர், “அது திருத்தம்தானே, விலைக்குள் அடக்கம்” என்று வாதிடுவார். அதை மறுக்க, கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை

தன்னுரிமைத் தொழிலர்களை வேலைக்கு அமர்த்துவதற்கான முத்தரப்புத் தரநிலை 2018ல் அறிமுகமானது. ஒப்பந்த விவரங்களை எழுத்தில் தரவேண்டும் என்பது அதன் அடிப்படை: இரு தரப்பின் பெயர், என்ன வேலை, எவ்வளவு ஊதியம், எந்தத் தேதிக்குள் பணம், சச்சரவு வந்தால் எப்படித் தீர்ப்பது. தரநிலையை நிறுவனங்கள் தாமாக ஏற்கின்றன. அது சட்டம் அல்ல. ஆனால் உங்கள் கொட்டேஷனுக்கு அது நல்ல அளவுகோல்.

அதோடு மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திருத்தம் என்றால் என்ன என்பது. ‘இரண்டு சுற்றுத் திருத்தங்கள் அடக்கம். ஒரு சுற்று என்பது எல்லாக் கருத்துகளையும் ஒரே பட்டியலாக ஒருவரே அனுப்புவது. ஒப்புக்கொண்ட வடிவத்தை விட்டுப் புதிய வடிவம் கேட்டால் அது புதிய வேலை’ என்று எழுதலாம். ‘ஒருவரே’ என்ற சொல் முக்கியம். முதலாளி ஒன்று, தம்பி ஒன்று, மேலாளர் ஒன்று என்று வரும் கருத்துகளால்தான் வேலை முடிவின்றி நீளும்.

இரண்டாவது, பணத்தைப் பிரிப்பது. மேலே சொன்ன வேலையில் தொடக்கத்தில் 960, முதல் வரைவு ஏற்கப்பட்டதும் 720, அச்சுக் கோப்பு தருமுன் 720 என்று பிரித்திருந்தால், எந்தக் கட்டத்திலும் வடிவமைப்பாளர் அதிகம் இழந்திருக்க மாட்டார். கூடுதல் வேலையின் தொகையையும் கடைசித் தவணையோடு சேர்க்கலாம்.

மூன்றாவது, பதிப்புரிமை. மெனு போன்ற வரைகலை வேலையில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமை முதலில் அதைச் செய்த தன்னுரிமைத் தொழிலருக்கே. அதை மாற்றித் தர கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். எனவே, ‘முழுத் தொகை கிடைத்த பிறகே உரிமை மாறும்’ என்று எழுதிவைக்கலாம். 2021ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திற்குப் பிறகு, கட்டணத்திற்கு எடுக்கப்படும் ஒளிப்படங்களுக்கும் இதே நிலைதான். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினால் நிலை மாறும்.

வேலை நடுவே மாற்றம் வந்தால்

மாற்றத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. செய்யத் தொடங்கும் முன் ஒரு செய்தி போதும்: “நீங்கள் கேட்ட புதிய அட்டை முதல் ஒப்பந்தத்தில் இல்லை. இதற்கு 400 வெள்ளி, கூடுதலாக மூன்று நாள். சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள், பிறகு தொடங்குகிறேன்.” தொலைபேசியில் பேசினாலும் அன்றே இதை எழுதி அனுப்புங்கள். பதில் வராமல் தொடங்கிவிட்டால் அந்தச் செய்தியின் பலம் பாதியாகிவிடும்.

பணம் தாமதமானால்

முதலில் பணம் தரவேண்டியவர் யார் என்று சரிபாருங்கள். கடையின் பெயர்ப்பலகை வேறு, பதிவான நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கலாம். அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பெயரையும் பதிவெண்ணையும் தேடலாம். தவறான பெயரில் வழக்குப் போட்டால் உத்தரவு கிடைத்தும் பயனிராது.

அடுத்து, தேதியோடு கூடிய கடிதம் அல்லது மின்னஞ்சல். என்ன வேலை, எப்போது ஒப்படைத்தது, எவ்வளவு பாக்கி, 14 நாளில் எந்தத் தேதிக்குள் தரவேண்டும், தராவிட்டால் அடுத்த நடவடிக்கை என்ன என்று மட்டும் எழுதுங்கள். ‘ஏமாற்றுக்காரர்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். சமூக ஊடகத்தில் பெயர் போட்டுத் திட்டுவது உங்கள் மீதே அவதூறு வழக்கு வர வழிவிடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் இரு வழிகள் உண்டு. டிஏடிஎம் எனப்படும், சச்சரவு நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணி, தன்னுரிமைத் தொழிலருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பணப் பிரச்சினைகளில் சமரசம் பேச உதவும். ஆனால் இது விருப்பத்தின் பேரில் நடப்பது; வாடிக்கையாளர் வர மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது.

மற்றது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். சேவை ஒப்பந்தம் தொடர்பான 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கு கொண்டுபோகலாம்; இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்களே பேச வேண்டும். தனிநபரின் கோரிக்கை 5,000 வெள்ளிக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. இணையம்வழி பதியலாம், அங்கேயே பேரம் பேசித் தீர்க்கவும் வழியுண்டு.

நம் வடிவமைப்பாளர் 3,040 வெள்ளி கேட்டுப் பதியலாம். கொட்டேஷன், வாட்ஸ்அப் பதிவு, ஒப்படைத்த கோப்பு, இன்வாய்ஸ், நினைவூட்டல் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினால் 2,640 வெள்ளிக்கு நிலை வலுவானது. சமரசப் பேச்சில் அட்டைக்கான 400ஐ விட்டுக்கொடுத்து மீதியை உடனே பெறுவது அவருக்கு நட்டமல்ல.

ஒன்றை மறக்கக்கூடாது. மன்றம் உத்தரவிட்டாலும் பணத்தை அது வசூலித்துத் தராது. எதிர்த்தரப்பு கட்டாவிட்டால், அமலாக்க ஆணைக்கு நீங்கள்தான் தனியாக, செலவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். அதனால்தான், கடைசித் தவணை வரும்வரை அச்சுக் கோப்பை உங்களிடமே வைத்துக்கொண்டு, குறைந்த தெளிவுள்ள மாதிரியை மட்டும் அனுப்புவது எந்தக் கடிதத்தையும்விட வேகமாக வேலை செய்கிறது.