சில மாதிரிகளிலிருந்து முழுச் சைகை

தொடர்ந்து மாறும் ஒரு சைகையை எண்களாகப் பதிவு செய்வதற்கு எத்தனை மாதிரிகள் வேண்டும் என்னும் வினா தந்தித் தொழிலிற் பிறந்தது. ஒரு தந்திவழியின் அலைப்பட்டை அகலமே, அதன்வழி ஒரு செக்கனில் அனுப்பத்தக்க துடிப்புக்களின் தொகைக்கு எல்லை வகுக்கின்றது என்பதை 1928 ஆம் ஆண்டில் நைக்குவிஸ்ற் என்பார் காட்டினார். 1933 இல் உருசிய அறிஞர் கொட்டெல்னிக்கொவ்வும், 1949 இல் அமெரிக்க அறிஞர் ஷனனும் அதனை மாதிரியெடுத்தற் கோட்பாடாக நிறுவினர். சைகையிலுள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்கு வீதத்தில் மாதிரியெடுத்தால் அதனை முழுமையாக மீட்கலாம் என்பதே அதன் சாரம். செக்கனுக்கு 500 சுற்றுக்களை எட்டாத சைகைக்கு 1000 மாதிரிகள் போதும்.

இக்கோட்பாடு சைகையைப்பற்றி ஒன்றே ஒன்றைத்தான் முன்னறிவாகக் கொள்கின்றது. அதாவது, அந்த எல்லைக்கு மேல் மீடிறன் இல்லை என்பது. எல்லைக்குட்பட்ட மீடிறன்கள் யாவும் இருக்கக்கூடும் என்று அது கருதுவதால், ஏறத்தாழ 1000 தெரியாக் கணியங்களுக்கு 1000 மாதிரிகள் கேட்கின்றது. ஆயின், அச்சைகையில் ஐந்தே தொனிகள் உள்ளன, அவை எவை என்பது மட்டும் தெரியாது எனின், அத்தனை மாதிரிகளும் வேண்டுமோ?

இவ்வினாவிற்குக் கோட்பாட்டிற்கும் முந்திய விடையொன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் பிறொனி 1795 ஆம் ஆண்டிலேயே, சில அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டாக அமைந்த ஒன்றை, அவ்வுறுப்புக்களின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கான, சம இடைவெளியில் எடுத்த அளவீடுகளைக்கொண்டே காண வழி வகுத்திருந்தார். அம்முறை கணக்கிற் பிழையற்றது. ஆயினும் அளவீட்டிற் சிறு இரைச்சல் கலந்தாலும், பெறும் மீடிறன்கள் பெரிதும் பிறழ்ந்துவிடக்கூடும். எனவே குறைந்த மாதிரிகள் போதும் என்பதை மட்டுமன்றி, இரைச்சலைத் தாங்கும் வழியையும் தேடவேண்டியிருந்தது.

மாதிரிகளைச் சம இடைவெளியில் எடுத்துக்கொண்டே வீதத்தை மட்டும் குறைப்பதால் நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். செக்கனுக்கு 30 சுற்றுடைய கோசைன் அலையையும் 70 சுற்றுடைய கோசைன் அலையையும் செக்கனுக்கு 100 முறை அளப்போமாயின், 0.01 ஆம் செக்கனில் இரண்டும் -0.309 என்னும் பெறுமானத்தையே தரும். பின்வரும் ஒவ்வொரு மாதிரியிலும் அவ்வாறே ஒத்திருக்கும். இவ்விரண்டில் எது வந்தது என்பதை எந்தக் கணிதமும் அவ்வளவீடுகளிலிருந்து கூறவியலாது. இதற்கு மாறாக, மாதிரியெடுக்கும் கணங்களை எழுமாறாகத் தெரிந்தால், அவற்றுள் ஒன்று 0.003 ஆம் செக்கனாக அமையலாம். அப்போது முதல் அலை 0.844 ஐயும் மற்றது 0.249 ஐயும் தரும். இரண்டும் வேறு என்பது புலப்பட்டுவிடும். எழுமாறான தெரிவில் ஒரு தொனி வேறொரு தொனியாக முழுமையாக மாறுவேடம் பூணுவதில்லை. அதன் சாயல் நிறமாலை எங்கணும் மெல்லிய இரைச்சல்போலப் பரவுகின்றது.

அவ்விரைச்சலினிடையே மெலிந்த தொனிகள் மறைந்துவிடக்கூடுமாதலால், தொனிகள் யாவற்றையும் ஒருங்கே தேடவேண்டும். சமன்பாடுகள் குறைவு, தெரியாக் கணியங்கள் மிகுதி. ஆகவே பொருந்தும் விடைகள் எண்ணில. அவற்றுள் எதனைத் தெரிவது? வழக்கமான முறை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த விடையைத் தெரிவதாகும். முதற் கணியமும் இரண்டாவதன் இருமடங்கும் சேர்ந்து 2 ஆகும் என்னும் ஒரே சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். வர்க்கமுறை 0.4, 0.8 என இரண்டிற்கும் பங்கிட்டு வழங்கும். குறியை நீக்கிய பருமன்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் முறையோ 0, 1 என்னும் விடையைத் தரும்; ஏனெனில் முன்னையதன் கூட்டுத்தொகை 1.2, பின்னையதன் கூட்டுத்தொகை 1. வர்க்கமுறை எல்லாவற்றையும் சிறிது சிறிதாகப் பரப்புகின்றது. பருமன்முறை வேண்டாதவற்றைச் சுழியாக்கி, ஒருசிலவற்றை மட்டும் நிறுத்துகின்றது. ஐதான நிறமாலைக்கு வேண்டிய பண்பு இதுவேயாகும்.

இப்பண்பு நெடுங்காலத்துக்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. அலைப்பட்டை எல்லைக்குட்பட்ட சைகையொன்று போதிய அளவு குறுகிய காலப்பகுதியில் எவ்வளவு கெட்டிருந்தாலும், பருமன்முறையால் அதனைச் சரியாக மீட்கலாம் என 1965 ஆம் ஆண்டில் லோகன் தம் ஆய்வேட்டில் நிறுவினார். நிலத்தடிப் படைகளிலிருந்து தெறித்துவரும் அதிர்வுகளை ஆராய்ந்த புவிப்பௌதிகர் கிளேர்பவுட்டும் மியூரும் 1973 இல் அம்முறையின் பயனை எடுத்துக்காட்டினர். படைகள் சிலவே ஆதலால், தெறிப்புக்களும் சிலவாக அமைந்தன. எனினும், அம்முறை எப்போது, எத்துணை மாதிரிகளால் வெற்றிபெறும் என்பதற்குப் பொதுவிதி வகுக்கப்படவில்லை.

அவ்விதி 2004 ஆம் ஆண்டில் எதிர்பாராது கிட்டியது. கான்டேஸ், ரொம்பேர்க் ஆகிய இருவரும் தலையின் குறுக்குவெட்டைப் போலி செய்த ஒரு சோதனைப் படத்தை ஆராய்ந்தனர். 512 க்கு 512 புள்ளிகள் கொண்ட அப்படத்தின் மீடிறன் தளத்தில் 22 ஆரைக்கோடுகளின் வழியே மட்டும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. 262,144 பெறுமானங்களுள் ஏறத்தாழ 11,000 மட்டுமே கையிலிருந்தன. படத்தில் அடுத்தடுத்த புள்ளிகளின் வேறுபாடுகளே ஐதானவை; அவற்றின் பருமன்களைக் குறைத்தபோது, படம் ஓரளவு சீர்ப்படாது, முற்றாகவே மீண்டது. ரெறன்ஸ் தாவோவும் இணைந்து அதற்குரிய நிறுவலைக் கண்டனர். அது 2006 இல் அச்சேறியது. அவ்வாண்டிலேயே டொனஹோவின் கட்டுரையும் வெளிவந்தது. வேண்டிய மாதிரிகளின் தொகை, அலைப்பட்டை அகலத்திற்கன்றி, தொனிகளின் எண்ணிக்கையை முழுநீளத்தின் மடக்கையாற் பெருக்கிய அளவிற்கு ஏற்பவே வளர்கின்றது என்பது அவ்விதி. நடைமுறையிற் பெரும்பாலும் ஒவ்வொரு சுழியல்லாக் குணகத்துக்கும் நான்கு மாதிரிகள் போதும். முன்கூறிய ஐந்து தொனிகளுக்குக் கோசைன், சைன் என இவ்விரண்டாகப் பத்துக் குணகங்கள். ஆகவே 1000 இற்குப் பதிலாக ஏறத்தாழ 40 மாதிரிகள்.

இம்முறைக்கும் எல்லைகள் உள. முதலாவதாக, வெற்றி மிகப்பெரும் நிகழ்தகவுடையதேயன்றி, எழுமாறாய் எடுத்த ஒவ்வொரு தொகுதிக்கும் உறுதியானதன்று. இரண்டாவதாக, தொனிகள் கணக்கிட்ட மீடிறன்களிலேயே விழவேண்டும். ஒரு தொனி 30 இற்கும் 31 இற்கும் இடையே 30.5 இல் நிற்குமாயின், அது அயலிலுள்ள பலவற்றிற் சிதறும். ஐதான தன்மை கெடும். மூன்றாவதாக, இரைச்சல் மிகுந்தால் மெலிந்த தொனிகள் இழக்கப்படும். இவை நேர்ந்தனவா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. எடுத்த மாதிரிகளுட் சிலவற்றைக் கணக்கிற் சேர்க்காது ஒதுக்கிவைத்து, மீட்ட சைகை அவற்றை இரைச்சலின் அளவிற்குட்பட முன்னறிவிக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். முன்னறிவிக்கத் தவறின், நிறமாலை கருதிய அளவு ஐதானதன்று, அன்றேல் மாதிரிகள் போதா எனக் கொள்ளலாம்.

காந்தப் பரிவுப் படப்பிடிப்பில் இவ்வேறுபாடு நோயாளியின் உடலிலேயே உணரப்படுகின்றது. அக்கருவி படத்தின் மீடிறன் மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே திரட்டுவதால், மாதிரிகள் குறையக் காலமும் குறைகின்றது. லஸ்ரிக், டொனஹோ, போலி ஆகியோர் 2007 இல் இதற்கான வழியை விளக்கினர். அசையாதிருக்கவோ மூச்சை அடக்கவோ இயலாத குழந்தையின் படம் தெளிவாக அமைவது, அவ்வாறு மிஞ்சும் சில செக்கன்களைப் பொறுத்ததாகும். ஷனனின் கோட்பாடு இதனாற் பொய்த்ததில்லை. யாதும் அறியாதார்க்கு அதுவே இன்றும் விதி. சைகை ஐதானது என முன்னறிந்தார்க்கு அவ்வறிவே எஞ்சிய மாதிரிகளின் இடத்தை நிரப்புகின்றது.